செருப்பை எந்த இடத்தில் கழற்றுவது?

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு விடுமுறை நாளில் மயிலாப்பூர் பக்கம் போவது சகஜம். கபாலீசுவரர் கோவிலுக்கும் சாந்தோம் பேராலயத்துக்கும் நடந்தே போய்வரலாம். அங்கிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வந்துவிடும். ஒரே நாளில் மூன்றையும் பார்க்க நினைப்பவருக்குச் சங்கடம் வருவதெல்லாம், ஓரிடத்தில் பழகிய முறையை அடுத்த இடத்திலும் அப்படியே பின்பற்றும்போதுதான்.

உடையில் பெரிய சிக்கல் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய, உடம்பைப் பிடிக்காத உடை மூன்று இடத்துக்கும் பொருந்தும். ஆண்களுக்கு வேட்டியோ முழுக்கால்சட்டையோ போதும். பெண்கள் சுடிதார் அணிந்தால் துப்பட்டாவையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலில் தலையை மூட அது வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் தமிழகக் கோவில்களில் உடைக் கட்டுப்பாடு நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே உயர் நீதிமன்ற அமர்வு அதை நிறுத்திவைத்தது. ஆனாலும் அரைக்கால்சட்டையோடு வருபவரை வாசலிலேயே தடுக்கும் கோவில்கள் உண்டு. திருச்செந்தூர் போன்ற சில தலங்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். மயிலாப்பூரில் அது தேவையில்லை.

செருப்பு விஷயம் இடத்துக்கு இடம் மாறும். கோவிலில் எல்லை கோபுர வாசல். அதற்கு வெளியே உள்ள காலணிக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பள்ளிவாசலில் எல்லை தொழும் தரை. வெளிமுற்றத்தில் செருப்போடு நடக்கலாம். தொழுகைக்கான தளத்தில் ஏறும் இடத்தில் கழற்ற வேண்டும். அங்கே மக்கள் நெற்றியைத் தரையில் வைத்து வணங்குகிறார்கள் என்பதை நினைத்தால் இந்தக் கண்டிப்பு புரியும். தேவாலயத்தில் பொதுவாகச் செருப்போடு போகலாம். ஆனால் நம் ஊர்க் கத்தோலிக்கர் பலர் வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். படியருகே வரிசையாகச் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். இப்படிப் பலமுறை கழற்ற வேண்டியிருப்பதால், நாடா கட்டிய ஷூ அன்றைக்கு வேண்டாம்.

தலைக்கும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. பள்ளிவாசலில் தொப்பி மரியாதை. தேவாலயத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் மாதம் நோன்பு திறக்க வருவோருக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தி இந்துத் தொண்டர்கள் பல ஆண்டுகளாக உணவு பரிமாறி வருகிறார்கள். பரிமாறும்போது அவர்களும் தொப்பி அணிந்துகொள்கிறார்கள். அதை யாரும் மதம் மாறியதாகப் பார்ப்பதில்லை.

நடக்கும் வழியிலும் கவனம் தேவை. சிவன் கோவிலில் நந்திக்கும் சன்னதிக்கும் நடுவே குறுக்கே போகக் கூடாது. தரையில் விழுந்து கும்பிடுவது கொடிமரத்தருகே மட்டும்தான். உள்சன்னதிகள் முன் கும்பிட்டாலே போதும். பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருப்பவரின் முன்னால் நடந்தால் அவருடைய தொழுகைக்கு இடையூறு. பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போவது சரியில்லை. பெண்களுக்குத் தனியிடம் எல்லாப் பள்ளிவாசல்களிலும் இருக்காது; வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழைவது நல்லது. அதுபோல, மாற்று மதத்தவர் எதுவரை வரலாம் என்று கொடிமரத்தருகே பலகை வைத்திருக்கும் கோவில்களில் அந்த எல்லையோடு நின்றுவிட வேண்டும்.

பலர் அறியாமல் தவறும் இடம் ஒன்றுண்டு. கோவிலில் திருநீறும் பிரசாதமும் வரிசையில் வந்தவர் எல்லோருக்கும் கிடைக்கும். வலது கையை நீட்டினால் போதும். அந்தப் பழக்கத்தில் தேவாலயத்தில் திருப்பலியின்போது மக்கள் எழுந்து முன்னே போவதைப் பார்த்து ஒருவர் தாமும் வரிசையில் நிற்கிறார். குருவானவர் தரும் சிறு வெள்ளை அப்பத்தை, வீட்டில் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார். அவர் மனதில் பக்திதான் இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கருக்கு அது நற்கருணை, கிறிஸ்துவின் உடல். உரிய தயாரிப்போடு வரும் கத்தோலிக்கர் அதை அங்கேயே உட்கொள்ள வேண்டும்; வெளியே எடுத்துச்செல்லவே கூடாது. ஆகவே திருப்பலி நேரத்தில் போனால் கடைசி இருக்கையில் அமருங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்து நில்லுங்கள். முழந்தாளிட வேண்டியதில்லை. நற்கருணை வரிசை நகரும்போது இருந்த இடத்திலேயே இருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கபாலீசுவரர் கோவில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். காலையில் முதலில் அங்கே போய்விட்டு, மற்ற இரண்டையும் பிறகு வைத்துக்கொள்வது வசதி.