பக்கத்து நாற்காலியின் செண்ட்டும் ஒற்றைத் தலைவலியும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வளரும் ஒரு வகை லாரல் மரத்துக்கு ‘தலைவலி மரம்’ என்றே பெயர். அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் சிலருக்குத் தலைவலி வந்துவிடும். ஏன் என்பதை இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் ஆய்வாளர்கள் 2012-இல் விளக்கினார்கள்.

நம் மூக்கில் இரண்டு விதமான நரம்புகள் வேலை செய்கின்றன. ஒன்று மணத்தை அறிவது. மற்றொன்று முகத்தின் வலி, எரிச்சல், குளிர்ச்சியை உணரும் முக்கிளை நரம்பு. கடுகின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணீர் வரவழைப்பது இந்த இரண்டாவது நரம்பின் வழியாகத்தான். இலையில் உள்ள அம்பெல்லுலோன் என்ற பொருள், கடுகுக் காரம் தட்டும் அதே உணர்வாங்கியைத் தட்டுகிறது. உடனே நரம்பு முனையிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு வெளியாகி, மூளையை மூடியிருக்கும் சவ்வின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. எலிகளில் சோதித்து இதைக் காட்டினார்கள். ஒற்றைத் தலைவலிக்கு 2018 முதல் புழக்கத்துக்கு வந்த புதிய மருந்துகள் சில, இந்த சி.ஜி.ஆர்.பி.யைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன.

செண்ட் தலைவலியைத் தூண்டும் முக்கியமான வழிகளில் ஒன்று இதுவாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சில செண்டுகளில் சேர்க்கப்படும் பட்டை மணப்பொருளான சின்னமால்டிஹைடும் இந்த உணர்வாங்கியைத் தூண்டக்கூடியதுதான். ஆகவே “அந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று ஒருவர் சொன்னால், அது வெறும் விருப்பு வெறுப்பு பற்றிய பேச்சாக இருக்க வேண்டியதில்லை. வலி நரம்பு பற்றிய பேச்சாகவும் இருக்கலாம்.

பிரேசிலில் ஒற்றைத் தலைவலி உள்ள 200 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மணம் தலைவலியைத் தூண்டியது. அந்த மணங்களில் செண்ட்டே முதலிடம். முகர்ந்ததிலிருந்து வலி தொடங்கச் சராசரியாக 25 நிமிடம் ஆனது. இறுக்கத் தலைவலி உள்ள 200 பேரில் ஒருவருக்கும் மணத்தால் வலி வரவில்லை.

இந்த 25 நிமிடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒற்றைத் தலைவலி, வலிக்குச் சில மணி நேரம் முன்பே தொடங்கிவிடுவதுண்டு. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், கூடவே மணங்களைத் தாங்க முடியாத நிலை. அப்போது நேற்று வரை தொந்தரவு தராத செண்ட்டும் உறுத்தும். ஒற்றைத் தலைவலி ஏற்கெனவே கிளம்பிவிட்டது. பழி செண்ட் மீது விழுகிறது. இரண்டையும் பிரித்தறிய நாட்குறிப்பே வழி. மணம் பட்ட நேரம், வலி வந்த நேரம், முன்பே கொட்டாவியோ கழுத்துப் பிடிப்போ இருந்ததா, அன்று தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று நான்கைந்து வாரம் எழுதுங்கள். அந்த மணம் இல்லாத நாட்களையும் எழுதினால்தான் ஒப்பிட முடியும். இதை மருத்துவரிடம் காட்டுங்கள். மாதத்தில் 10, 15 நாள் வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும்.

அலுவலகம் என்ன செய்யலாம்? அமெரிக்காவின் டெட்ராய்ட் மாநகராட்சியில் நடந்ததைப் பாருங்கள். புதிதாக வந்த சக ஊழியர் கடுமையான செண்ட் பூசியதோடு, மின்செருகியில் மாட்டும் ரூம் ஃப்ரெஷ்னரும் வைத்தார். மணம் ஒவ்வாத ஓர் ஊழியர் முறையிட்டதும் ஃப்ரெஷ்னர் போனது, செண்ட் நின்றபாடில்லை. வழக்கு 2010-இல் ஒரு லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. மணப்பொருள் பூசி வரவேண்டாம் என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு வைக்க மாநகராட்சி ஒப்புக்கொண்டது.

அந்த முடிவில் உள்ள பாடம், ஒருவரைச் சுட்டாமல் எல்லாருக்கும் பொதுவாக விதி வைப்பதுதான். செண்ட் பூசியவரின் மூக்கு சில நிமிடத்தில் அதற்குப் பழகிவிடும். தன்னிடமிருந்து எவ்வளவு மணம் வீசுகிறது என்று அவருக்கே தெரியாது. ஆகவே பாதிக்கப்பட்டவர் அவரிடம் நேரே சண்டை பிடிக்காமல் மேலாளர் வழியே சொல்வது இருவருக்கும் நல்லது.

நிர்வாகம் முதலில் தன் கையில் உள்ளதை மாற்றட்டும்: கழிப்பறையின் ஃப்ரெஷ்னர், மணமுள்ள தரைத் துடைப்பான் திரவம். மணமற்றது என்று எழுதியதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மற்ற உட்பொருள்களின் வாசனையை மறைக்கவே மணப்பொருள் சேர்ப்பதுண்டு. உட்பொருள் பட்டியலில் ‘பெர்ஃப்யூம்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஸ்பிளிட் ஏ.சி.கள் அறைக் காற்றையே சுற்றி விடுகின்றன. வெளிக்காற்று வர வழி வேண்டும். இருக்கையை ஜன்னலோரம் மாற்றுவது உதவும், ஆனால் மணம் அறை முழுவதும் நின்றால் போதாது.

இவற்றுக்குச் செலவு அதிகம் இல்லை. நாளை காலை அலுவலகம் கிளம்பும்போது செண்ட் பாட்டிலை ஒரு நாள் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அன்று விளக்கை அணைக்கச் சொல்லாமல், மேசையில் தலை கவிழாமல் மாலை வரை வேலை செய்யக்கூடும்.