மாறும் வட்டிக் கடனும் நிலையான வட்டிக் கடனும்: மீதமுள்ள காலத்துக்கான தவணை ஒப்பீடு

மாறும் வட்டிக் கடன் என்பது, கடன் காலத்தின் நடுவிலேயே வட்டி விகிதம் ஏறவோ இறங்கவோ கூடிய கடன் ஆகும். நிலையான வட்டிக் கடனில், ஒப்பந்தத்தில் குறித்த காலம் முழுவதும் ஒரே விகிதம் நீடிக்கும். மாறும் வட்டி உயரும்போது நிலையான வட்டிக்கு மாறிவிடலாமா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண, கடன் வாங்கிய நாளின் தொகையையும் தவணையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று நிலுவையில் உள்ள அசல், இன்னும் மீதமுள்ள மாதங்கள் ஆகிய இரண்டையும் கொண்டே கணக்கிட வேண்டும்.

## வட்டி மாறும் முறை

இந்தியாவில் 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ஒரு வெளிப்புற அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும். பெரும்பாலான வங்கிகள் இந்திய ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை அளவுகோலாகக் கொண்டுள்ளன. ரெப்போவுடன் வங்கி தன் பங்காக ஒரு விழுக்காட்டைச் சேர்த்தால், கடன்தாரர் கட்டும் வட்டி கிடைக்கும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது இந்த விகிதம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4.00% ஆக இருந்தது. படிப்படியாக உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.50% ஆனது. பின்னர் 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அவ்வாண்டு ஜூனில் 5.50% ஆனது. ஏறிய வட்டி இறங்கவும் கூடும் என்பதை ஒப்பீட்டின்போது நினைவில் கொள்ள வேண்டும்.

## எடுத்துக்காட்டு

ஒருவருக்கு வயது 45. அவருடைய வீட்டுக் கடனில் அசல் நிலுவை 25,00,000 ரூபாய். மீதமுள்ள காலம் 180 மாதங்கள். அதாவது 60 வயதில் கடன் முடியும். வட்டி 7% ஆக இருந்தபோது அவர் கட்டிய மாதத் தவணை 22,471 ரூபாய். இப்போது வட்டி 9.5% ஆகிறது. உண்மையில் இந்த உயர்வு பல படிகளாக வரும். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரே நாளில் உயர்ந்ததாகக் கொள்வோம்.

வங்கி இதை இரண்டு விதங்களில் சரிசெய்யலாம். முதலாவது, காலத்தை மாற்றாமல் தவணையை உயர்த்துவது. அப்போது தவணை 26,106 ரூபாய் ஆகும். இரண்டாவது, தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டுவது. அப்போது 180 மாதங்கள் ஏறக்குறைய 270 மாதங்கள் ஆகிவிடும். 60 வயதில் முடிய வேண்டிய கடன் 67 வயதைத் தாண்டும். தவணை ஒரு ரூபாய்கூட மாறாததால், பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

முதல் வழியில் மொத்தமாகக் கட்டும் தொகை சுமார் 47 லட்சம் ரூபாய். இரண்டாவது வழியில் சுமார் 60.6 லட்சம். வேறுபாடு ஏறத்தாழ 13.6 லட்சம் ரூபாய். காரணம் எளிது. 9.5% வட்டியில் முதல் மாத வட்டியே 19,792 ரூபாய். பழைய தவணையான 22,471 ரூபாயில் இது போக, 2,679 ரூபாய் மட்டுமே அசலைக் குறைக்கிறது.

வட்டி மேலும் உயர்ந்து 10.79 விழுக்காட்டைத் தொட்டால், பழைய தவணை முழுவதும் வட்டிக்கே போய்விடும். அதற்கு மேல் உயர்ந்தால் அசல் குறைவதற்குப் பதிலாக வளரும். இவ்வாறு அசல் வளரும்படி காலத்தை நீட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் கூறியுள்ளது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளது.

இக்கணக்குகளைக் கணினி விரிதாளில் சரிபார்க்கலாம். முதல் வரி புதிய தவணையையும், இரண்டாவது வரி பழைய தவணைக்குத் தேவைப்படும் மாதங்களையும் தரும்.

```
=PMT(9.5%/12, 180, -2500000)
=NPER(9.5%/12, -22471, 2500000)
```

## நிலையான வட்டியுடன் ஒப்பிடுதல்

வங்கி அவருக்கு 10.5% நிலையான வட்டி தர முன்வருகிறது என்று கொள்வோம். 180 மாதங்களுக்குத் தவணை 27,635 ரூபாய். மாறுவதற்கான கட்டணம் வரியுடன் சேர்த்து 14,750 ரூபாய்.

இங்கே வழக்கமாக நிகழும் பிழை, 27,635 ரூபாயைப் பழைய 22,471 ரூபாயுடன் ஒப்பிடுவது. முன்னது 180 மாதத் தவணை. பின்னது 270 மாதத் தவணை. காலம் வேறுபட்டால் தவணைகளை ஒப்பிட முடியாது. ஒரே அசல், ஒரே காலம் என்று வைத்துக்கொண்டால், ஒப்பிட வேண்டிய தொகை 26,106 ரூபாய். ஆகவே நிலையான வட்டிக்காக மாதம் 1,529 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். வட்டி இனி உயர்ந்தாலும் தவணை உயராது என்ற உறுதிக்கான விலை இது.

அந்த விலை தகுமா என்பது இனி வட்டி எப்படிப் போகும் என்பதைப் பொறுத்தது. எதிர்காலத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சில நிலைகளைக் கற்பனை செய்து கணக்கிடலாம். மாறும் வட்டி இரண்டு ஆண்டுகள் 9.5% ஆக இருந்து, பிறகு ஒருமுறை மாறி, கடைசி வரை அப்படியே நீடிப்பதாகக் கொண்டால்:

| இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாறும் வட்டி | புதிய தவணை (ரூ.) | 180 மாதங்களில் மொத்தம் (ரூ.) |
|---|---|---|
| 8.5% | 24,767 | சுமார் 44.9 லட்சம் |
| 9.5% (மாற்றமில்லை) | 26,106 | சுமார் 47 லட்சம் |
| 11.5% | 28,892 | சுமார் 51.3 லட்சம் |

நிலையான வட்டியில் கட்டணத்துடன் சேர்த்து மொத்தம் சுமார் 49.9 லட்சம் ரூபாய். எனவே வட்டி 8.5 விழுக்காட்டுக்கு இறங்கினால், மாறும் வட்டியில் இருந்தவருக்கு ஏறக்குறைய 5 லட்சம் மிச்சம். 11.5 விழுக்காட்டுக்கு ஏறினால், நிலையான வட்டிக்கு மாறியவருக்கு ஏறக்குறைய 1.45 லட்சம் மிச்சம்.

இரண்டும் சமமாகும் விகிதம் சுமார் 10.85%. அதாவது, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாறும் வட்டி 10.85 விழுக்காட்டைத் தாண்டி, மீதி 13 ஆண்டுகளும் அங்கேயே நின்றால்தான் நிலையான வட்டி லாபம். நிலையான வட்டி 10.5% தானே, அதைத் தாண்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அசல் மிக அதிகமாக இருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில், மாறும் வட்டிக்காரர் குறைந்த வட்டி கட்டியிருக்கிறார். அந்த மிச்சத்தை ஈடுகட்ட வட்டி இன்னும் மேலே போக வேண்டும்.

## கணக்கில் அடங்காத நிபந்தனைகள்

நிலையான வட்டி என்று பெயரிடப்பட்ட சில கடன்களில், முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே விகிதம் நிலையாக இருக்கும். பிறகு மாறும் வட்டியாகிவிடும். அத்தகைய கடனை 180 மாதக் கணக்கில் ஒப்பிட்டால் விடை தவறாகும். விகிதம் எத்தனை மாதங்களுக்கு உறுதி என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் விதிக்க முடியாது. நிலையான வட்டிக் கடனில் அபராதம் இருக்கக்கூடும். ஓய்வூதியப் பலன்கள் போன்ற பெருந்தொகை வரும்போது கடனை அடைக்க எண்ணுவோருக்கு இது முக்கியமான வேறுபாடு. மேலும், 2025 அக்டோபர் முதல், நிலையான வட்டிக்கு மாற வாய்ப்பளிப்பது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. எனவே அந்த வாய்ப்பு உண்டா என்பதை முதலில் வங்கியில் கேட்டறிய வேண்டும்.

லாபக் கணக்கு மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. மேற்கண்டவரின் வருமானத்தில் மாதம் 28,892 ரூபாய் கட்ட வழியில்லை, 27,635 வரை முடியும் என்றால், நிலையான வட்டி அவருக்குப் பொருந்தலாம். தவணை ஏறினாலும் தாங்க முடிந்தவருக்கு, 9.5% மாறும் வட்டியிலேயே இருந்து, தவணையை 26,106 ரூபாயாக உயர்த்தி, 60 வயதில் கடன் முடியுமாறு வைத்துக்கொள்வது பொருத்தமானது. இரண்டு நிலையிலும் வங்கியிடம் பெற வேண்டியது வட்டி மாற்றத்துக்குப் பிந்தைய கணக்கு அறிக்கை. அதில் தவணைத் தொகையுடன் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையையும் பார்த்தால்தான் கடன் நீண்டிருப்பது தெரியவரும்.