இரண்டரையா, மூன்றா?

கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். ஆனால் சம்பளப் பிரிவுக்கு வந்து சேர்வது மணிக்கணக்கு அல்ல. மேற்பார்வையாளரின் மின்னஞ்சலும் கையெழுத்திட்ட தாளும்தான்.

ஒரு தொழிலாளியின் ஷிப்ட் செவ்வாய் இரவு 10.30-க்கு முடிகிறது. அவர் ஒரு மணி வரை நின்று வேலை பார்க்கிறார். புதன் காலை வரும் மின்னஞ்சல், “நேற்று இரவு 3 மணி நேரம் ஓ.டி.” என்கிறது. தாளிலோ 2.30. நள்ளிரவைத் தாண்டியது என்பதற்காக ஒரு மணி நேரத்தைப் புதனுக்கு மாற்றக்கூடாது. இரவு ஷிப்டின் நீட்சி முந்தைய நாள் கணக்கிலேயே சேரும்.

இன்னொரு வழுக்கல் அந்த 2.30. அது இரண்டு மணி முப்பது நிமிடம். கணினியில் அப்படியே தட்டினால் 2 மணி 18 நிமிடமாகிவிடும். 12 நிமிடக் கூலி சத்தமில்லாமல் போகும். 2.5 என்றே பதிய வேண்டும்.

மீதி அரை மணி? சராசரி எடுப்பது தவறு. இரு ஆவணங்களும் ஒப்பும் 2.5-ஐ இந்த மாதமே கொடுத்துவிட வேண்டும். அரை மணியைத் தகராறுப் பட்டியலில் பணியாளர் எண், தேதி, இரண்டு ஆவணங்களின் அளவுகள், பதில் சொல்ல வேண்டியவர், கெடு ஆகியவற்றோடு எழுத வேண்டும். வாயிற்பதிவில் வெளியேறிய நேரம் 1.32 என்றிருந்தால் மின்னஞ்சலுக்கு வலு கூடும். ஆனாலும் மேற்பார்வையாளர் திருத்தி மறுகையெழுத்திட்ட பிறகே அது சம்பளத்தில் ஏறலாம்.