பியூட்டாடையீன்: 0.472β-வும் அதில் ஒளிந்திருக்கும் அனுமானமும்

போன வாரம் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் நோட்டை நீட்டினான். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறான். "மாமா, மேட்ரிக்ஸ் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடுதானே, இந்த டிடெர்மினன்டை மட்டும் போட்டுக் குடுங்க." பியூட்டாடையீன். நாலு கார்பன் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு பை எலக்ட்ரான்.

எரிக் ஹூக்கலின் முறை இது. கார்பனில் எலக்ட்ரானின் ஆற்றல் α. அடுத்தடுத்த கார்பன்களுக்கு இடையே β. தள்ளியிருக்கும் கார்பன்களுக்கு இடையே பூஜ்யம். x = (α − E)/β என்று வைத்தால்:

```
| x 1 0 0 |
| 1 x 1 0 |
| 0 1 x 1 |
| 0 0 1 x | = 0
```

விரித்தால் x⁴ − 3x² + 1 = 0. x²-ஐ ஒரே மாறியாக எடுத்தால் சாதாரண இருபடிச் சமன்பாடு. x² = 2.618 அல்லது 0.382; அதாவது x = ±1.618, ±0.618.

இங்கே நான் சறுக்கினேன். x கூட்டலாக இருப்பதுதான் கீழ் மட்டம் என்று எண்ணி எலக்ட்ரான்களை வைத்துவிட்டேன். E = α − xβ என்பதால் குறி திரும்பிவிடும்; β-வும் எதிர் எண். எனவே கீழே இருப்பவை α + 1.618β, α + 0.618β. மொத்தம் 4α − 4.472β என்று வந்தால் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

சரியாக வைத்தால், மட்டத்துக்கு இரண்டு எலக்ட்ரானாக, 4α + 4.472β. எத்திலீனில் இதே கணக்கு 2α + 2β தரும். தனித்தனி எத்திலீன் இரண்டுக்கு 4α + 4β. வித்தியாசம் 0.472β. எலக்ட்ரான்கள் நாலு கார்பனிலும் பரவியதால் கிடைத்த லாபம் இதுதான்.

இது எவ்வளவு? பென்சீனுக்குக் கணக்கு 2β, பரிசோதனை சுமார் 150 கிலோஜூல்/மோல். ஆக β-வின் அளவு சுமார் 75. நம் லாபம் 35 கிலோஜூல். ஆனால் ஹைட்ரஜனேற்ற வெப்பம் வேறு கதை சொல்கிறது. 1-பியூட்டீனுக்குச் சுமார் 127, இரண்டு மடங்கு 254. பியூட்டாடையீனுக்குச் சுமார் 239. லாபம் வெறும் 15!

"அப்ப ஹூக்கல் தப்பா மாமா?" என்றான். தப்பு, மூன்று பிணைப்புக்கும் ஒரே β போட்டதில் இருக்கிறது. ஓரப் பிணைப்புகள் 1.34 ஆங்ஸ்ட்ராம், நடுப்பிணைப்பு சுமார் 1.47. நீளம் கூடினால் β குறையும். நடுவில் kβ என்று போட்டால் லாபம் 2√(k² + 4) − 4. k = 1 என்றால் பழைய 0.472. k = 0.7 என்றால் 0.238, அதாவது 18 கிலோஜூல்.

இந்த 0.7-ஐ நானே தேர்ந்தெடுத்தேன், அதனால் இது நிரூபணம் ஆகாது. பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே நீளம் என்பதால் ஒரே β அங்கே பொருந்துகிறது. அங்கே எடுத்த β-வை நீளம் மாறும் மூலக்கூறில் அப்படியே போட்டால் லாபம் ஊதிப்போகும். 0.472-ஐ பரிட்சையில் எழுதுடா, கிலோஜூலாக மாற்றுவதற்கு முன்னால் பிணைப்பு நீளத்தைப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.