பணம் போயிடுச்சு, ஆர்டர் வரல: தோற்றுப்போன பேமெண்ட் பற்றி ஒரு குறிப்பு

நசரத்பேட்டையில் எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறார். அவருடைய இணையதளத்தில் பணம் வாங்கும் பகுதியை நான்தான் அமைத்தேன். அதை ஒட்டி எழுதி வைத்த குறிப்பு இது. பொத்தானை வைப்பது அரை நாள் வேலை. "ஃபெயில்டு" என்று வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம். யுபிஐயில் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது ஒரு வேலை. எடுத்தாச்சு என்று நமக்குச் சொல்வது தனி வேலை. அந்தச் செய்தி குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் கேட்வே அதை failed என்று குறித்துவிடும். பிறகு வங்கியிடம் மறுபடி விசாரிக்கும்போது "பணம் வந்தது" என்று பதில் வந்தால், அதே பேமெண்ட் authorized என்று மாறும். அதாவது failed என்பது கடைசித் தீர்ப்பு இல்லை.

அதனால் ரேசர்பே போன்ற கேட்வேக்களில் ஆர்டர், பேமெண்ட் இரண்டும் தனித்தனி. ஆர்டர் என்பது பில். பேமெண்ட் என்பது அந்தப் பில்லுக்குப் பணம் கட்டும் ஒரு முயற்சி. ஒரு பில்லுக்கு எத்தனை முயற்சியும் இருக்கலாம். ஆர்டரை நம்ம சர்வரில்தான் உருவாக்க வேண்டும். தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும். 640 ரூபாய் என்றால் இப்படி:

```
instance.orders.create({
  amount: 64000,
  currency: "INR",
  receipt: "podi-118"
})
```

இப்போ ஒரு உதாரணம். ஆவடியிலிருந்து ஒருவர் இரவு 8:12க்கு 640 ரூபாய் கட்டுகிறார். திரையில் ஃபெயில்டு. 8:16க்கு வேறு ஆப்பில் மறுபடி கட்டுகிறார், ஓகே ஆகிறது. 8:31க்கு முதல் முயற்சியும் authorized ஆகிறது.

பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புது ஆர்டர் உருவாகிற மாதிரி தளத்தை எழுதியிருந்தால், இவை இரண்டு தனி பில்கள். இரண்டு தொகையும் நம்மிடம் வரும், இரண்டு பார்சலும் கிளம்பும். மறுமுயற்சிக்கும் அதே order_id போனால் கதை வேறு. 8:16க்கே ஆர்டர் paid ஆகிவிட்டதால் அதன் பேரில் இன்னொரு தொகையைக் கேப்சர் செய்ய முடியாது. கேப்சர் ஆகாத பணம் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். அதனால் கூடையில் பொருள் மாறாத வரை ஒரே order_idஐ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யார் சொல்வதை நம்புவது? வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து வரும் "முடிந்தது" செய்தியை மட்டும் நம்பக் கூடாது. ஆப்பிலிருந்து திரும்பாமல் அவர் போனை மூடிவிட்டால் அது வரவே வராது. கேட்வே நேரடியாக நம்ம சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக்தான் ஆதாரம். அதில் order.paid வந்தால் பார்சல் கட்டலாம். X-Razorpay-Signature தலைப்பைச் சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் போலிச் செய்தி அனுப்பலாம். ஒரே செய்தி இரண்டு தடவையும் வரும். எனவே ஏற்கெனவே paid என்று குறித்த ஆர்டரை மறுபடி தொடாதபடி எழுதுங்கள்.

கடைசியாக அந்த போன் கால்: "அக்கா, காசு போயிடுச்சு, ஆர்டர் வரல." உடனே நம்ம ஜிபேயிலிருந்து திருப்பி அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். அவருடைய ஆப்பில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணை வாங்கி, கேட்வே டாஷ்போர்டில் அந்த பேமெண்டைத் தேடுங்கள். captured என்றால் பணம் நம்மிடம். பொருளை அனுப்பலாம், அல்லது டாஷ்போர்டிலிருந்தே ரீஃபண்ட் கொடுக்கலாம். failed என்றே நின்றால் பணம் நம்மிடம் வரவே இல்லை. அதைத் திருப்ப வேண்டியது வங்கியின் பொறுப்பு. நாமும் அனுப்பினால் அவருக்கு இரண்டு தடவை போகும், 640 ரூபாய் நம்ம நஷ்டம்.

வங்கிக்குக் கெடுவும் உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து போய், கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் தனியாகப் புகார் கொடுக்காவிட்டாலும் இது பொருந்தும்.

அக்காவுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி இரண்டே வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "உங்க பணம் எங்களுக்கு வரலைங்க. 5 நாளுக்குள்ள உங்க கணக்குக்கே திரும்பிடும், வரலைன்னா இந்த யுடிஆர் எண்ணோட உங்க பேங்க்ல கேளுங்க."