அலெக்ரோ என்றால் எவ்வளவு வேகம்?

மேற்கத்திய இசைத்தாளில் முதல் வரிக்கு மேலே, இடது ஓரத்தில், பெரும்பாலும் ஓர் இத்தாலியச் சொல் அச்சாகியிருக்கும். அலெக்ரோ, அந்தாந்தே, அடாஜியோ, பிரெஸ்டோ போன்றவை இப்படி வருபவை. பாட்டை எந்தக் காலப்பிரமாணத்தில் எடுக்க வேண்டும் என்று வாசிப்பவருக்குச் சொல்பவை இவை. ஆனால் எதுவும் எண்ணைச் சொல்வதில்லை. அலெக்ரோவுக்கு இத்தாலியில் பொருள் 'மகிழ்ச்சியான' என்பது. அந்தாந்தே என்றால் 'நடந்து செல்கிற'. முதலாவது மனநிலை, இரண்டாவது நடை. வேகத்தை அவற்றிலிருந்து வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வழி சொன்னவர்களில் ஒருவர் மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட். 1756-இல் வெளிவந்த வயலின் பாடநூலில், ஒவ்வொரு படைப்பிலும் அதன் வேகத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்றாவது இருக்கும் என்று அவர் எழுதினார். அது எங்கே இருக்கிறது என்பதை மகன் 1788-இல் எழுதிய கே. 545 பியானோ சொனாட்டாவில் தெளிவாகப் பார்க்கலாம். தொடக்க மாணவர்களுக்கானது என்று மோட்சார்ட்டே தம் பட்டியலில் குறித்துவைத்த இதை, உலகெங்கும் பியானோ கற்பவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

முதல் பகுதியின் தலைப்பு அலெக்ரோ. முதல் நான்கு தாளக்கட்டங்கள் எளிமையானவை. வலது கையில் நீண்ட சுரங்கள் அமைதியாகத் தொடங்க, இடது கை சுரக்கூட்டைப் பிரித்து வாசிக்கிறது. மாணவர் இங்கே நிமிடத்துக்கு 150 அடி என்ற வேகத்தில்கூட சிரமமில்லாமல் தொடங்கிவிடுவார். ஐந்தாவது கட்டத்தில் வலது கையில் சுரவரிசைகள் ஏறி இறங்கத் தொடங்குகின்றன. ஓர் அடிக்கு நான்கு சுரங்கள். 150 அடி என்றால் நொடிக்குப் பத்து சுரங்கள். பழகாத விரல்கள் அங்கே தடுமாறும், அல்லது வாசிப்பவர் தம்மையறியாமல் வேகத்தைக் குறைப்பார். கேட்பவருக்கு இரண்டு வெவ்வேறு பாட்டுகள் ஒட்டப்பட்டதுபோல் தெரியும். 120 அடியில் எடுத்தால் நொடிக்கு எட்டு சுரங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும், உற்சாகமும் குறையாது. எனவே ஐந்தாவது கட்டத்தை முதலில் மனத்துக்குள் வாசித்துப் பார்த்து, அந்த வேகத்தில் முதல் கட்டத்தைத் தொடங்குவதே சரியான முறை. அலெக்ரோ என்ற சொல் திசையைக் காட்டுகிறது. அளவைச் சொல்வது அந்தச் சுரவரிசைகள்.

அதே சொனாட்டாவின் இரண்டாம் பகுதி அந்தாந்தே. இங்கே தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. அந்தாந்தே என்றாலே மெதுவாக வாசிக்க வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பியானோவில் ஒரு சுரத்தை அழுத்திய நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். வேகம் மிகக் குறைந்தால், நீளமான சுரம் அடுத்த சுரத்தைச் சேருமுன் மங்கிப்போகும், மெட்டு அறுபடும். ஒரு வரியை வாயால் பாடிப் பார்த்தால் இது உடனே பிடிபடும். வரி முடிவதற்குள் மூச்சு போதவில்லை என்றால் நடை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அந்தாந்தேயின் சிறு வடிவம் அந்தான்தீனோ. பெரிய மேதையையே குழப்பிய சொல் இது. கொஞ்சமாக நடப்பது என்றால், அந்தாந்தேயைவிட வேகமா, மெதுவா? நாட்டுப்பாடல்களுக்கு இசையமைத்துத் தரும்படி கேட்டிருந்த ஜார்ஜ் தாம்சனிடம், 1813-இல் பீத்தோவன் கடிதம் எழுதி இதைத் தெளிவாக்கச் சொன்னார். இன்று பெரும்பாலும் சற்று வேகமானது என்றே கொள்கிறார்கள். பழைய படைப்புகளில் அப்படி முடிவுகட்டிவிட முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு விடையாக வந்தது மெட்ரோனோம். மேல்செல் 1815-இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தட்டிக்காட்டும். பீத்தோவன் 1817-இல் தம் எட்டு சிம்பொனிகளுக்கும் எண்களை வெளியிட்டார். ஏழாவது சிம்பொனியின் புகழ்பெற்ற இரண்டாம் பகுதிக்கு அவர் எழுதிய சொல் அலெக்ரெட்டோ, அதாவது ஓரளவு அலெக்ரோ, எண் 76. கருவிகளில் அச்சிட்டிருக்கும் அட்டவணையிலோ அந்தாந்தே 76 முதல் 108 வரை, அலெக்ரோ 120 முதல் 168 வரை. பீத்தோவனின் அலெக்ரெட்டோ இப்படி அந்தாந்தேயின் கீழ்க்கோட்டிலேயே போய் நிற்கிறது. அட்டவணையை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த எண்ணையும் எல்லோரும் மதிக்கவில்லை. 76-இல் வாசித்தால் அந்தப் பகுதி ஏழரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் சோகத்தில் ஆழ்ந்த நடத்துநர்கள் பலர் ஒன்பது, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு அதை இறுதி ஊர்வலமாக்கினார்கள். அது கம்பீரமாக இருக்கலாம். ஆனால் ஒரு நெடில், இரண்டு குறில், இரண்டு நெடில் என்று திரும்பத் திரும்ப வரும் அதன் தாள வடிவம் முன்னே நகராமல் அடிக்கு அடி நின்றுபோகிறது. சொல், எண் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் நடத்துநர் அடாஜியோ என்று எழுதாமல் அலெக்ரெட்டோ என்று ஏன் எழுதினார் என்று கேட்டுக்கொண்டு, துக்கத்தைக் குறைக்காமலேயே அதை நகர வைப்பார்.