குக்கர் புத்தகத்துப் படத்தைத் தமிழில் வாசிப்போம்

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பும் றைஸ் குக்கருடன் ஒரு சிறிய புத்தகமும் வரும். அதிலுள்ள படத்தில் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு புறப்பட்டு 1, 2, 3 என்ற எண்ணில் முடியும். விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். முள்ளிவாய்க்காலில் எங்கள் அயலவர்கள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய குக்கருக்காக ஓர் அக்கா என்னிடம் கேட்டார். அதற்குச் செய்ததை இங்கே சொல்கிறேன்.

அவர் அனுப்பிய முதல் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு, 3, 4 ஆகிய எண்களின் கோடுகள் எங்கே தொடுகின்றன என்று தெரியவில்லை. "அக்கா, புத்தகத்தை வெளிச்சத்தில தட்டையா வைச்சு, நேர மேல இருந்து இன்னொருக்கா எடுங்கோ" என்றேன். 3 என்பது கழற்றக்கூடிய உள்சட்டி. 4 அதன் கீழே சூடாகும் தட்டு. இரண்டும் மாறினால் தண்ணீரைத் தட்டிலேயே ஊற்றிவிடுவோம், கரண்ட் அடிக்கலாம்.

எண்களை நான் மாற்றுவதில்லை. பெயரோடு வேலையையும் எழுதுவேன்: "3 – உள்சட்டி. அரிசி, தண்ணீர் இதற்குள் மட்டும். 4 – சூட்டுத் தட்டு. தண்ணீர் படக்கூடாது. பிளக்கைக் கழற்றி, ஆறிய பின் உலர்ந்த துணியால் துடைக்கவும்."

அளவைக் குறிக்கும் எழுத்துக்களை அப்படியே விட்டு, பக்கத்தில் பொருளை எழுதுவேன். குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அதே எழுத்துக்கள்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். V என்பது வோல்ட், எந்தக் கரண்டுக்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். W என்பது வாட்ஸ், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைக் காட்டும்.

அக்காவின் குக்கரில் 120V, 700W என்று இருந்தது. இலங்கையில் வீட்டுக் கரண்ட் 230V. அதில் நேரடியாகக் கொடுத்தால் 700 வாட்ஸ் குக்கர் 2500 வாட்ஸ் அளவுக்கு இழுத்துச் சூடாகிக் கருகிவிடும். கடையில் விற்கும் சிறிய அடப்டர் பிளக்கின் கால்களைப் பொருத்துமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. குறைப்பதற்கு 700 வாட்ஸைத் தாங்கும் பாரமான ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை வாங்காமல், அக்கா 220-240V என்று எழுதிய குக்கர் ஒன்றை இங்கேயே வாங்கினார்.

அந்தப் புதிய புத்தகத்தில் அளவுக் கோப்பைக்குப் பக்கத்தில் 180 mL என்று இருந்தது. mL என்றால் மில்லிலீட்டர். உள்சட்டியில் 4 என்ற கோடு, இந்தக் கோப்பையால் நாலு தரம் அரிசி போட்டால் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டம். நாங்கள் அளக்கும் சுண்டு இதைவிடப் பெரிது. நாலு சுண்டு அரிசி போட்டு 4 வரை தண்ணீர் விட்டால் சோறு நறுக்கென்று இருக்கும். கோடுகள் பெரும்பாலும் வெள்ளைப் பச்சையரிசிக்குப் போட்டவை. புழுங்கலரிசிக்குக் கோட்டுக்குச் சற்று மேலே விட வேண்டும்.

எழுதி முடித்த தாளைக் கொடுத்ததும் ஒரு வேலை செய்யச் சொல்வேன். பிளக்கைச் செருகாமல், தாளிலுள்ள எண்ணை ஒவ்வொன்றாக வாசித்து, குக்கரில் அந்தப் பாகத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஓர் எண்ணுக்குப் பாகம் கிடைக்காவிட்டால், அது வேறு மொடலின் புத்தகமாக இருக்கலாம். அடிச்சீட்டிலுள்ள மொடல் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்கலாம்.